முப்பது நாள் என்று எழுதினேன்

கடைக்காரர்களுக்குக் கேமரா விற்கும் எங்கள் நோட்டீஸைத் தமிழில் எழுதியவன் நான்தான். கம்பெனி நோட்டீஸ் என்றதும் பெரிய கட்டடம், ஏசி அறை என்று நினைத்துவிட வேண்டாம். இரத்தினபுரி டவுனில் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, ஒரு பழைய வேன், ஓர் ஏணி, ஒரு முதலாளி, நான். அவ்வளவுதான் கம்பெனி. முதலாளி சிங்களவர், நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். தமிழ்க் கடைக்காரர்களும் முஸ்லிம் கடைக்காரர்களும் பேச்சுக்குச் சிங்களம் போதும் என்பார்கள், காசு கொடுத்து வாங்கும் பொருளைப் பற்றிய காகிதம் மட்டும் தமிழில் இருந்தால்தான் நம்புவார்கள். அதை அவர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். ஏணி பிடிக்கும் என்னிடம் பேனாவையும் கொடுத்து, ஒரு கையால் அரிசி நிறுத்துக்கொண்டே மறு கையில் பிடித்து வாசிக்கிற மாதிரி எழுது என்றார்.

எனக்கும் ஆசைதான். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவன், முப்பது வருடமாகச் சுவரில் துளை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். கேமரா எதைப் பார்க்கும், பதிவு எத்தனை நாள் இருக்கும், பழுது பார்க்க யார் வருவார்கள். கடைக்காரன் கேட்கிற கேள்விகள் இந்த மூன்றுதான்.

பார்வையைப் பற்றி எழுதியதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. "ஒரு கேமரா கடை முழுவதையும் காட்டும், ஆனால் எல்லார் முகத்தையும் காட்டாது. பத்துப் பன்னிரண்டு அடிக்கு அப்பால் ஆள் தெரியும், முகம் தெளிவாக இருக்காது. ஆகவே வாசலுக்கு ஒன்று, கல்லாவுக்கு ஒன்று தனியாக வையுங்கள். கேமராவுக்கு நேர் கீழே நிற்பவனை அது பார்க்காது." இப்படித்தான் எழுதினேன். ஒரே கேமராவை மூலையில் மாட்டிவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கும் ஹோல்ட்டில் நிற்பவன் மீசை வரை தெரிய வேண்டும் என்று சண்டை பிடிக்கிறவர்களிடம் தொண்டை வறளப் பேசிப் பேசி வந்த ஞானம் அது.

நாள் கணக்கில்தான் கோட்டை விட்டேன். நாலு கேமரா, ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். இராப் பகலாக எந்நேரமும் பதிந்தால் இரண்டு வாரத்தில் டிஸ்க் நிறைந்துவிடும். நிறைந்ததும் பழைய நாளை அழித்து அதன் மேல் புதிய நாளைப் பதியும். யாரையும் கேட்காது. அதனால் நாங்கள் ஏதாவது அசைந்தால் மட்டும் பதிகிற மாதிரி வைத்துவிடுவோம். ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பதிவும் இல்லை. சின்னக் கடைக்கு அப்படி ஒரு மாதம் தாக்குப்பிடிக்கும். இதை முதலாளியிடம் சொன்னேன். அப்படியானால் முப்பது என்று போடு என்றார். கடைக்குக் கடை மாறும், ஒரு வரி சேர்ப்போம் என்றேன். இடமில்லை என்றார். முப்பது என்ற எண்ணை நோட்டீஸிலேயே மிகப் பெரிய எழுத்தில் அச்சடித்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது, சேவை. "மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாங்களே வந்து பார்ப்போம். லென்ஸ் துடைப்போம், நேரம் சரிபார்ப்போம், எத்தனை நாள் பதிவு இருக்கிறது என்று எண்ணிச் சொல்வோம்." எழுதும்போது மனதார எழுதினேன். முதல் வருடம் போனேன். அப்புறம் மழை, சரிந்த பாதை, என் முழங்கால், டவுனில் புதுக் கடைகளின் அவசரம் என்று ஒவ்வொன்றாக வந்தது. போனில் கேட்க ஆரம்பித்தேன். நாலும் தெரியுதா? தெரியுது. சரி. கடையில் தொங்கும் சேவை அட்டையில் நான் வந்து பார்த்ததாக ஒரு கையெழுத்து. எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் பழகிவிட்டேன்.

குருவிட்டயிலிருந்து ரப்பர் தோட்டத்துக்கு ஏறுகிற சந்தியில் ஒரு கடை. கடைக்காரர் முஸ்லிம், அறுபது வயதுக்காரர், என்னைத் தம்பி என்பார், நான் நானா என்பேன். அரிசி, கருவாடு, வெங்காயம், போன் ரீலோட், எல்லாம் உண்டு. அந்தக் கடைக்கு இன்னொரு வேலையும் உண்டு. கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் வீட்டுக்கு ஏதாவது அனுப்பினால் பஸ்காரர் இந்தக் கடையில் இறக்கிவிட்டுப் போவார். பெயர் எழுதிய காகிதம் ஒட்டி கல்லாவுக்குக் கீழே வைப்பார்கள். தோட்டத்து மேல் டிவிஷனிலிருந்து யார் சாமான் வாங்க இறங்கினாலும், பக்கத்து லயத்து வரிசை வீடுகளின் பார்சலையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பார்கள். கையெழுத்து, சீட்டு ஒன்றும் கிடையாது. அந்த மலையில் அஞ்சல்காரரை விட இது ஒழுங்காக நடந்தது.

பார்சல் வாங்கி வைப்பது, எடுத்துக் கொடுப்பது எல்லாம் கடையில் நின்ற ஓர் அக்காவின் பொறுப்பு. தோட்டத்துக்காரிதான், மேல் டிவிஷன் லயம். முன்பு ரப்பர் வெட்டினவள். ஈரத்தில் சறுக்கி, ரப்பர் பால் நிறைந்த வாளியோடு விழுந்து இடுப்பு போனது. கடைக்காரர் அவளைக் கூப்பிட்டு நிழலில் நிற்க வைத்து ஒன்பது வருடம். அந்த வேலை போனால் அவள் திரும்பவும் மரத்தடிக்குத்தான் போக வேண்டும். இந்த இடுப்போடு சரிவில் ஏறுவதை நினைத்தாலே பயமா இருக்கு என்று சுவரில் கேமரா பூட்டின அன்றே என்னிடம் சொன்னாள்.

அன்றைக்கு நோட்டீஸை எழுத்துக் கூட்டி முழுவதும் வாசித்தவள் அவள் ஒருத்திதான். நானா விலையை மட்டும் பார்த்தார். வாசலில் வருகிறவன் முகம் தெரியுமா என்று கேட்டாள். தெரியும், வாசல் கேமரா அதற்குத்தான் என்றேன். பார்சல் விஷயத்தில் எப்போதாவது வாய்த்தகராறு வரும், இனிமேல் எனக்கு நிம்மதி என்று சொல்லி, நோட்டீஸைக் கல்லாவுக்குப் பக்கத்தில் பசை போட்டு ஒட்டினாள். டிஸ்க் இருக்கும் பதிவுப் பெட்டியை அவள் நிற்கிற பக்கத்துச் சாமான் தட்டுக்கு மேலேதான் வைத்தேன். நம் ஊர் இடி தெரிந்ததுதானே, வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், விட்டதும் போடுங்கள், பதிந்தது எதுவும் போகாது என்று சொல்லிக் கொடுத்தேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் காலை நானா போன் செய்தார். உடனே வா என்றார், குரலில் வழக்கமான நக்கல் இல்லை.

போனபோது அரிசி மூட்டையின் மேல் ஒரு வாலிபன் உட்கார்ந்திருந்தான். மேல் டிவிஷன் பையன், கொழும்பில் ஹோட்டல் வேலை. அம்மாவுக்கென்று முதல் முதலாக ஒரு நல்ல போன் வாங்கி, பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருக்கிறான். இந்தக் கடையில் இறங்கியிருக்கிறது. அம்மாவிடம் பழைய போன் உடைந்து கிடந்ததால் இவனுக்குக் கேட்கவும் வழியில்லை. லீவில் வீட்டுக்கு வந்து, போன் எங்கே அம்மா என்றால், எந்தப் போன் என்கிறாளாம். வந்து இறங்கி இருபத்து மூன்று நாள்.

அக்கா மறுக்கவில்லை. பார்சல் வந்தது சனிக்கிழமை, அன்றைக்கு நல்ல மழை, கடையில் கூட்டம். அன்றைக்கே மோட்டார் சைக்கிளில் ஒருவன் வந்து, அந்த அம்மா வாங்கி வரச் சொன்னதாகச் சொன்னான். அந்த லயத்தின் பெயர், வீட்டு நம்பர் எல்லாம் சரியாகச் சொன்னான். கொடுத்துவிட்டாள். எத்தனையோ பேருக்குக் கொடுத்த மாதிரிதான். முகத்தை எங்கேயோ பார்த்த ஞாபகம், யாரென்று மட்டும் வரவில்லை என்றாள். ஆனாலும் அவளிடம் பதற்றம் இல்லை. என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தே போனது.

"வாங்கண்ணே. அந்தாளு ஹெல்மெட்ட கழட்டிட்டுதான் உள்ள வந்தாரு. முகம் விழுந்திருக்கும். முப்பது நாள் இருக்கும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. இன்னிக்கு இருபத்து மூணுதான்."

நான் பெட்டியைத் திறந்தேன். அதன் திரையில் வரும் காலண்டரில் பதிவு இருக்கிற நாளுக்கெல்லாம் அடையாளம் விழுந்திருக்கும். இன்றிலிருந்து பின்னோக்கி எண ணிக்கொண்டே போனேன். பதினாறோடு நின்றுவிட்டது. அந்தச் சனிக்கிழமை வெறுமையாக இருந்தது.

தலை தூக்கி வாசல் கேமரா படத்தைப் பார்த்தேன். ஷாம்பு, சவர்க்காரத்தூள், கோப்பிப் பொடி பாக்கெட் சரங்கள். நான் கேமரா பூட்டினபோது அவை இல்லை. கடையின் நீளத்துக்கு ஒரு கம்பி கட்டி, கண்ணில் படட்டும் என்று வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். வாசல் கேமரா, கல்லா கேமரா, தட்டு கேமரா மூன்றுக்கும் முன்னால் அவை ஆடிக்கொண்டிருந்தன. சுவர் ஃபேன் காற்று. மழைக்காலத்தில் வெங்காயமும் கருவாடும் ஈரம் பிடிக்காமல் இருக்க இந்தப் பக்கத்துக் கடைகளில் ராத்திரியும் ஃபேனை நிறுத்த மாட்டார்கள். ஆட்டம் நிற்கவே இல்லை. அசைந்தால் பதி என்று நான் சொல்லி வைத்த பெட்டி, ஷாம்பு பாக்கெட்டையும் ஆளென்று நினைத்து இராப் பகலாகப் பதிந்திருக்கிறது. அசைவு இருந்த நேரம் திரையில் சிவப்புக் கோடாகத் தெரியும். மூன்று கேமராவிலும் கோடு எங்கேயும் உடையவில்லை.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நேரில் வந்திருந்தால் வாசலில் கால் வைக்கும்போதே தெரிந்திருக்கும். சரத்தை நாலடி தள்ளிக் கட்டச் சொல்லியிருப்பேன், இல்லையென்றால் படத்தில் அந்த இடத்தை மட்டும் அசைவுக் கணக்கிலிருந்து நீக்கியிருப்பேன். ஐந்து நிமிட வேலை. கல்லாவுக்குப் பக்கத்து ஆணியில் சேவை அட்டை தொங்கியது. முதல் வருடம் கடைசியாக வந்தபோதே மீதி எல்லாக் கட்டத்திலும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்தவன் நான். போனில் கேட்கும்போது தேதியை மட்டும் அக்கா எழுதுவாள்.

பதினாறு நாள்தான் இருக்கிறது என்றேன். பையன் எழுந்து நின்றான். நானா நோட்டீஸைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"முப்பது நாள் இரிக்கோணுமே தம்பி. மீதி எங்க? யாரும் அழிச்சீப்பாங்களோ?"

அந்தப் பெட்டியில் ஒரு நாளை மட்டும் பிய்த்து அழிக்க வழியில்லை. அழித்தால் மொத்த டிஸ்க்கையும்தான் அழிக்க வேண்டும், அதற்குக் கடவுச்சொல் வேண்டும், அது நானாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்படியென்றால் மீதி எங்கே? அந்தக் கேள்வி வந்தால் அட்டையை எடுப்பார்கள், கையெழுத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பாதையில் எங்களுக்கு இன்னும் ஏழெட்டுக் கடைகள் இருந்தன.

"சொல்ல முடியாது நானா," என்றேன்.

மூன்றே சொல். பையன் அக்காவைப் பார்த்தான். பெட்டி அவள் தட்டுக்கு மேலே, பிளக்கைக் கழற்றுகிறவளும் போடுகிறவளும் அவள். நானா கெட்டவர் இல்லை, சத்தம் கூடப் போடவில்லை. கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டு வா, பிறகு பார்ப்போம் என்று அவளிடம் மெதுவாகச் சொன்னார். அவள் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நான் சும்மா இருக்க முடியாமல் லென்ஸைத் துடைத்தேன். நாலு கேமராவையும் அப்படித் துடைத்தேன். நினைத்தால் இப்போதும் என் கையை எனக்கே பிடிக்கவில்லை.

இரண்டு நாள் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு புழுங்கினேன். சோறு இறங்கவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், இறங்கியது. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. மூன்றாம் நாள் வேனை எடுத்துக்கொண்டு போய் நானாவைப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தேன். சிவப்புக் கோட்டைக் காட்டினேன். ஃபேனை நிறுத்தினேன், சரம் அடங்கியது, கோடும் நின்றது. திரும்பப் போட்டேன், கோடு ஓட ஆரம்பித்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. அழிக்க முடியாது என்ற விஷயத்தையும் சொன்னேன். அட்டையை ஆணியிலிருந்து நானே எடுத்து, இதில் எது நான் வந்து போட்டது, எது வராமலேயே போட்டது என்று விரல் வைத்துக் காட்டினேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அட்டையை வாங்கித் திரும்ப ஆணியில் மாட்டினார்.

"அப்ப அந்தப் புள்ள அழிக்கல்ல. சரி. ஆனா தம்பி, பார்சல் யார் கையில போச்சுங்கிறதுக்கு இப்பவும் ஒண்ணுமில்லயே. நான் அந்தப் பையனுக்கு என்னத்தச் சொல்ல?"

பதில் இருந்த நாளின் மேல் ஷாம்பு பாக்கெட்டுகள் ஆடிக்கொண்டிருந்தன. அவளைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று மட்டும் கேட்டேன். என் முன்னாலேயே போன் போட்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லையாம்.

எங்கள் முதலாளியிடமும் போய்ச் சொன்னேன். நோட்டீஸில் முப்பதை எடுத்துவிடுவோம், பதினைந்திலிருந்து முப்பது வரை, கடையைப் பொறுத்தது என்று போடுவோம், சேவைக்கு நான் நேரில் போகிறேன் என்றேன். அடுத்த டவுனில் கேமரா விற்கிறவன் நாற்பத்தைந்து என்று போடுகிறான், நீ பதினைந்து என்று போடச் சொல்கிறாயா என்று சிரித்தார். சிரிப்பு எனக்கு வரவில்லை. இனி உண்மையில்லாத எண் போட்ட காகிதத்தை நான் கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன். அவர் கொஞ்சம் முறைத்தார், அப்புறம் சரி, உன் இஷ்டம் என்றார். இப்போது தமிழ் நோட்டீஸில் எண் பெரிய எழுத்தில் இல்லை. ஒவ்வொரு கடையிலும் சரம் எங்கே தொங்குகிறது என்று முதலில் பார்க்கிறேன். வியாபாரம் குறைந்திருக்கிறது, முதலாளி அதை நாளுக்கொரு தரம் சொல்லிக் காட்டுகிறார்.

ஒரு வாரம் கழித்து மேல் டிவிஷனுக்கு ஏறினேன். வேன் பாதி வழிதான் போகும். மீதியை நடந்தேன், முழங்கால் கெஞ்சியது. பத்து மணி தாண்டியிருந்தது. அவள் ரப்பர் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, லயத்துப் பைப்படியில் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். தோட்டத்து வேலைக்குப் பெயர் பதிந்துவிட்டாளாம், நாலு நாளாக மரம் வெட்டுகிறாளாம். இடுப்பில் ஒரு பழைய சேலையை இறுக்கிச் சுற்றியிருந்தாள். நிமிரும்போது சுவரைப் பிடித்து நிமிர்ந்தாள்.

உட்காரச் சொன்னாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நான் வந்த கதையைச் சொன்னேன். சரம், ஃபேன், பதினாறு நாள், நான் போகாமலே போட்ட கையெழுத்து, நானாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டது, எதையும் விடவில்லை. அந்தப் பையனின் அம்மாவையும் போகிற வழியில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர்கள் தன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள், பைப்படிக்குக் கூடத் தான் திரும்பிப் போனபிறகுதான் வருகிறார்கள் என்றாள். குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன். கடைக்குத் திரும்பிப் போங்கள், நானா காத்திருக்கிறார் என்றேன்.

அவள் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசற்படியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"மொதலாளி பாவம், அவருக்கு என்ன தெரியும். அத விடுங்க. உங்ககிட்ட ஒண்ணு மட்டும் கேக்குறேன்ணே. யாராச்சும் அழிச்சாங்களான்னு அவரு கேட்டப்ப, நீங்க பெட்டியப் பாக்கல. ஏன் என் மூஞ்சியப் பாத்தீங்க?"

அப்படிப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். அதுவும் பொய்தான்.